நான்காம் படி நிலையாற்றலில் சராசரி இடம் விலகுவது ஏன்?

"V = λx⁴/4 நிலையாற்றலில் ⟨x⟩ நியூட்டன் பாதையை விட்டு விலகுகிறது. எரன்ஃபெஸ்ட் தேற்றம் பொய்யா, என் நிரல் தவறா? (எம்.எஸ்சி., மதுரை)"

தேற்றம் கூறுவது d⟨p⟩/dt = −⟨V′(x)⟩ என்பதே; நீங்கள் −V′(⟨x⟩) என்று இட்டிருப்பீர்கள் என்று கருதுகிறேன். திருமங்கலத்தில் என்னிடம் படிப்பவர்களும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இங்கு விசையின் சராசரி −λ⟨x³⟩. அலைப்பொதி σ அகலமுள்ள காஸியன் வடிவில் இருக்கும் கணத்தில் ⟨x³⟩ = ⟨x⟩³ + 3⟨x⟩σ² ஆகும். ⟨x⟩ = 2, σ = 0.5 எனில் 8-க்குப் பதில் 9.5 வரும், அதாவது, விசை ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுதல்.

நிரலைச் சோதிக்க, ஒவ்வொரு காலப்படியிலும் ⟨x³⟩-ஐ அலைச்சார்பிலிருந்தே கணக்கிட்டு, −λ⟨x³⟩ உடன் d⟨p⟩/dt-ஐ ஒப்பிடுங்கள். அவை பொருந்தினால் நிரல் சரி. பொருந்தாவிட்டால் காலப்படியின் அளவையும், அலை பெட்டியின் விளிம்பில் மோதித் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். V = kx²/2 என மாற்றினால், பொதி எவ்வளவு அகலமாயினும் ⟨x⟩ நியூட்டன் பாதையிலேயே செல்ல வேண்டும்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: σ-வைத் தொடக்கத்தில் மிகக் குறுக்கினால் உந்தத்தின் பரவல் பெருகிப் பொதி விரைவில் விரிந்துவிடும், பின்னர் அது காஸியன் வடிவையும் இழப்பதால் மேற்கண்ட 3⟨x⟩σ² திருத்தம் மட்டும் போதாது.