30 லட்சம் ஜிஎஸ்டி ஆர்டர்: எவ்வளவு செலவு, எவ்வளவு குறிப்பு?

"சார், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பிரைவேட் லிமிடெட் எங்களுடையது. ஜிஎஸ்டி 73-ஆம் பிரிவில் 30 லட்சம் வரி கேட்டு ஆர்டர். தீபாவளி கிஃப்டுக்கு எடுத்த இன்புட் டாக்ஸ் கிரெடிட் 4 லட்சம், சப்ளையர் வரி கட்டாத பில்களுக்கு 20 லட்சம், ஒரே பில்களை அதிகாரி இரண்டு முறை சேர்த்தது 6 லட்சம். 3 லட்சம் கட்டி அப்பீல் போட்டுவிட்டோம். முழுவதையும் செலவில் எழுதணும் என்கிறார் ஆடிட்டர். கேஸ் முடியும்வரை எதுவும் வேண்டாம் என்கிறார் இன்னொரு டைரக்டர். எது சரி?"

இரண்டுமே சரியில்லை. கணக்கியல் தரநிலை 29 கேட்பது, 'பணம் போக எவ்வளவு வாய்ப்பு?' என்பதைத்தான். உங்கள் ஆர்டரில் மூன்று தகராறு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

கிஃப்டு கிரெடிட்டை 17(5) பிரிவு நேரடியாகவே தடுக்கிறது. அப்பீல் போட்டதால் அந்த வாய்ப்பு மாறிவிடாது. தோற்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றால் இப்போதே செலவில் எழுதி ப்ரொவிஷன் போட்டுத்தான் ஆக வேண்டும். அதுவும் வெறும் 4 லட்சம் அல்ல. அந்தக் கிரெடிட்டைப் பயன்படுத்தி மார்ச் 31-உடன் மூன்று வருடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வட்டி 2.16 லட்சம், 10 சதவீத அபராதம் 40 ஆயிரம், ஆக 6.56 லட்சம். வட்டியை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சப்ளையர் விஷயம்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. சப்ளையர் வரி கட்டியிருக்க வேண்டும் என்று 16(2)(c) சொல்கிறது. ஆனால் முதலில் விற்றவரிடம் வசூலிக்கப் பாருங்கள் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்களிடம் இ-வே பில், எடை ரசீது, பேங்க் வழியாகப் பணம் கொடுத்த ஆதாரம் எல்லாம் இருந்தால் இதைத் தோற்கலாம், தோற்காமலும் போகலாம். அப்போது இது கன்டின்ஜென்ட் லயபிலிட்டி: செலவில் வராது, நோட்ஸில் தொகையோடு வரும். அதே மூன்று வருடக் கணக்கில் வரி, வட்டி, அபராதம் சேர்த்து 32.8 லட்சம். எந்தக் கட்டத்தில் அப்பீல் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சரக்கு வந்ததற்கே ஆதாரம் இல்லை என்றால் மட்டும் இதுவும் ப்ரொவிஷனுக்குப் போகும். அதனால் வக்கீலிடம் தகராறு வாரியாக எழுத்தில் கருத்து வாங்குங்கள். 'கேஸ் வலுவானது' என்ற ஒரு வரியை வைத்து ஆடிட்டர் எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டு முறை கூட்டியது பில்லைப் பார்த்தாலே தெரியும். அதற்குப் பணம் போக வாய்ப்பு மிகக் குறைவு, நோட்ஸிலும் தேவையில்லை. ஆனால் ஆடிட் ரிப்போர்ட்டில் என்னென்ன சொல்ல வேண்டும் என்ற காரோ 2020 உத்தரவு உங்களுக்குப் பொருந்தினால், அந்த ரிப்போர்ட்டில் இதுவும் சேர்ந்தே வரும். தகராறால் கட்டாமல் இருக்கும் தொகையை அங்கே வாய்ப்புப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

கட்டிய 3 லட்சம் செலவல்ல. அரசிடம் உள்ள முன்பணமாகச் சொத்துப் பக்கம் நிற்கட்டும், ப்ரொவிஷனில் கழிக்காமல் தனியாகவே காட்டுங்கள்.

அப்புறம், போர்டு கணக்கில் கையெழுத்துப் போடும் முன் அப்பீல் ஆர்டர் வந்துவிட்டால், அது ஏப்ரலிலோ அதற்குப் பின்னோ வந்ததாக இருந்தாலும் மார்ச் 31 கணக்கை அதன்படி திருத்தியே கையெழுத்துப் போட வேண்டும்.