எடை குறைந்த ரொட்டியும் தரச் செலவின் வகைகளும்

கேள்வி: தேர்வில் ஒரு ரொட்டி உற்பத்தி வரிசையைக் கொடுத்து, அதன் தரச் செலவுகளைத் தடுப்பு, மதிப்பீடு, தோல்வி என வகைப்படுத்தச் சொல்கிறார்கள். எதை வைத்துப் பிரிப்பது?

பிழை வராமல் காக்கவும், வந்ததா என்று பார்க்கவும், வந்தபின் சரிசெய்யவும் ஆகும் செலவே தரச் செலவு. எனவே செலவின் பெயரை விட்டுவிட்டு, அது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். மாவைத் துண்டாக்கும் இயந்திரத்தைப் பராமரிப்பது தடுப்புச் செலவு; வெந்த ரொட்டிகளை எடைபோடுவது மதிப்பீட்டுச் செலவு.

400 கிராம் இருக்க வேண்டிய ரொட்டிகளில் 30 ரொட்டிகள் எடை குறைந்து ஒதுக்கப்பட்டால், அவற்றுக்குச் செலவான மாவும் எரிபொருளும் உழைப்பும் உள் தோல்விச் செலவு. அதே ரொட்டிகள் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால், போக்குவரத்தும் இழப்பீடும் சேர்ந்து வெளித் தோல்விச் செலவாகிறது. தாமதமாகத் தெரியும் பிழைக்குச் செலவு கூடுவதன் காரணம் இதுதான்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: கிழிந்த உறையை மாற்றியபின் செய்யும் மறுசோதனை, சோதனையாகவே இருந்தாலும், பிழையால் நேர்ந்ததால் உள் தோல்வியில் சேரும்.

தையலில் அளவெடுப்பது தடுப்பு, போட்டுப்பார்ப்பது மதிப்பீடு, கொடுக்குமுன் பிரித்துத் தைப்பது உள் தோல்வி, வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவது வெளித் தோல்வி.

உயர்ரக மாவு வாங்கும் கூடுதல் விலையைத் தரச் செலவு என்று எழுதிவிடாதீர்கள். அது மூலப்பொருள் செலவு.