சொல்லெழுத்துப் போட்டிக்கு மாற்று

“ஒன்பது வயதுப் பிள்ளைகள். ஒருத்தி கதைப்புத்தகம் படிக்கிறாள், ஒருவன் எழுத்துக்கூட்டுகிறான். போட்டி வைத்தால் அழுகைதான். வேறென்ன செய்யலாம்?”

மூவர் குழுவுக்கு ஒரே சொல்லை அட்டைகளாகப் பிரித்துக் கொடுங்கள். ‘மழைக்காலம்’ என்றால் ஆறு அட்டை. எழுத்துக்கூட்டுபவனுக்கு ம, ம். நடுத்தரமாகப் படிப்பவருக்கு க், கா. நன்றாகப் படிப்பவளுக்கு ழை, ல. கூடவே லை, ள என்று இரண்டு பொய் அட்டைகள். அவளுக்கும் யோசிக்க வேலை வேண்டுமே!

அவரவர் அட்டையை அவரவரே வைக்கவேண்டும். மற்றவர்கள் சொல்லை மெதுவாக உச்சரிக்கலாம், விரல் நீட்டக்கூடாது. இந்த விதி தளர்ந்தால் கெட்டிக்காரியே முழுவதையும் அடுக்கிவிடுவாள். பையன் அட்டையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தால் அதுதான் நடக்கிறது. உடனே முதல் அட்டையை அவனையே வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் குழுவுக்கு மட்டும், நேற்றைய தங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு.