பின்வரிசையிலிருந்து பார்த்த வகுப்பு

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். வகுப்பைப் பார்த்து நிரப்பும் பட்டியலில் 'மாணவர் பங்கேற்பு' என்ற இடத்தில் 'திருப்தியில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் என்னைவிட வயதில் மூத்தவர். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் எழுதியது பொய்யில்லையே?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

பொய்யில்லைதான். ஆனால் அது தீர்ப்பு. வகுப்பில் நடந்தது எதுவும் அந்தத் தாளில் இல்லை. பிறகு அவர் எதைப் பற்றிப் பேசுவார்? குறை பாதி அந்தப் பட்டியலுடையது. 'பங்கேற்பு', 'ஆர்வம்' போன்றவற்றைக் கண்ணால் பார்த்து எழுத முடியாது. அந்த வரியை அடித்துவிட்டு, யாரிடம் கேள்வி கேட்டார், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார், தவறான விடை வந்தால் என்ன செய்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். 'இன்று பார்க்க வாய்க்கவில்லை' என்று ஒரு கட்டமும் வேண்டும். அது இல்லாவிட்டால், அன்றைய பாடத்துக்குத் தேவைப்படாததும் குறையாகப் பதிவாகிவிடும்.

யாரிடம் கேள்வி கேட்டார் என்பதற்கு வெள்ளைத்தாளில் பெஞ்சுகளை வரைந்து, கேள்வி போன இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். எல்லாரும் சேர்ந்து கத்தும் பதிலுக்கு ஓரத்தில் தனிக்கோடு. பின்னக் கூட்டல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணி அடிக்கும்போது 20 கோடுகளில் 16 முன்னிரண்டு பெஞ்சுகளில் இருக்கும். ஜன்னலோர வரிசையில் ஒன்றுமிருக்காது. "புரிகிறதா?" என்றதற்கெல்லாம் "புரிகிறது சார்" என்று கூட்டுக்குரல் வந்திருக்கும். உங்கள் பக்கத்துப் பையனின் நோட்டிலோ 1/2 + 1/3 = 2/5 என்றிருக்கும். மேல் எண்ணோடு மேல் எண்ணையும் கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டியிருக்கிறான். கரும்பலகை அருகே நிற்பவருக்கு அது தெரிய வழியில்லை, உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் உட்காருவதன் பயனே அதுதான்.

காத்திருக்கும் நேரத்தை மனத்துக்குள் எண்ணினாலே போதும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை அளந்தார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன; வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

அன்றைக்கே, அவருக்கு வகுப்பில்லாத நேரத்தில், உங்கள் மேஜைக்கு எதிரே நிறுத்தாமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். "சார், எந்த இடம் நீங்கள் நினைத்தபடி போனது?" என்று அவரை முதலில் பேசவிடுங்கள். பிறகு அந்தப் படத்தை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். இதுதான் சிரமம், தலைமையாசிரியர்களுக்கு மௌனம் பழக்கமில்லை. பெரும்பாலும் அவரே, "ஜன்னல் பக்கம் நான் போகவே இல்லை போலிருக்கிறதே" என்பார். அப்போது மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் இருவரும் முடிவு செய்யுங்கள். கணக்கை எழுதிப்போட்டு, எல்லாரும் நோட்டில் செய்யும் இரண்டு நிமிடம் அவர் பின்பக்கம் நடந்து வந்தால், அந்த 2/5 அவர் கண்ணிலேயே படும். கையெழுத்து, கரும்பலகை, குரல் எல்லாம் இப்போது வேண்டாம்.

ஒரு பாடவேளையை வைத்து அவரை எடைபோடவும் வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருப்பதாலேயே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். பழைய தாளில் அந்த வரியை அவர் முன்னாலேயே அடித்துவிட்டு, அடுத்து எந்த நாள், எந்தப் பாடத்துக்கு வரலாம் என்று அவரையே கேளுங்கள்.