ஆப்பில் பாட்டு இருந்தால் அனுமதியும் இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: "எங்கள் கைப்பை பிராண்டுக்காக இன்ஸ்டாகிராமில் 30 விநாடி ரீல் போட்டோம். பாட்டை ஆப்பிலேயே தேடித்தான் எடுத்தோம். மூன்று வாரம் நன்றாக ஓடியது, திடீரென்று சத்தம் போய்விட்டது. அவர்களே கொடுத்த பாட்டுக்கு எப்படிப் பிரச்சினை வரும்? படத்துக்கும் ஃபான்ட்டுக்கும்கூட இப்படி வருமா?"

பாட்டு ஆப்பில் இருப்பது தனிமனிதர்கள் தங்கள் சொந்த வீடியோவில் போட்டுக்கொள்வதற்காக. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் இசை விதிகளில், வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்துவதானால் தனியாக உரிமம் வாங்கியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அதனால்தான் பிசினஸ் அக்கவுண்ட்டில் பல சினிமாப் பாட்டுகள் தேடினாலும் கிடைக்காது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்றால், அக்கவுண்ட் கிரியேட்டர் வகையில் இருக்கலாம், அல்லது யாராவது தன் சொந்த அக்கவுண்ட்டில் ரீலைத் தயாரித்திருக்கலாம். அக்கவுண்ட் வகையை மாற்றினால் பாட்டு தேடலில் வரலாம், அனுமதி வராது. கைப்பையை விற்கும் ரீல், எந்த அக்கவுண்ட்டில் போட்டாலும் விளம்பரம்தான். மூன்று வாரம் ஓடியதையும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டின் சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம்.

"15 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை", "பாடகர் பெயரைப் போட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் இல்லை. பெயர் போடுவது மரியாதை, உரிமம் ஆகாது.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. வீடியோவில் சேர்க்க இரண்டுக்கும் அனுமதி வேண்டும், இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். நீங்களே ஆள் வைத்து அதே பாட்டைப் பாடிப் பதிவு செய்தாலும் ஒலியின் உரிமைதான் உங்களுடையது. மெட்டுக்கும் வரிக்கும் அனுமதி அப்போதும் வேண்டும்.

இந்த ரீலுக்கு இப்போது செய்ய வேண்டியது இதுதான். கையில் உரிமப் பத்திரம் இல்லாமல் மேல்முறையீடு செய்யாதீர்கள். பாட்டு சேர்க்காத மூல வீடியோவை எடுத்து, Meta Sound Collection-இல் உள்ள இசையைச் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். அந்த இசை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு உரியது. அதே வீடியோவை அப்படியே யூடியூபில் ஏற்றினால் அந்த அனுமதி அங்கே செல்லாது. யூடியூபுக்கு அதன் Audio Library-இலிருந்து எடுங்கள். அதில் சில பாட்டுகளுக்கு விவரணையில் பெயர் போட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, பாட்டின் பக்கத்திலேயே அது தெரியும்.

எல்லாத் தளத்துக்கும் ஒரே இசை வேண்டுமென்றால் உரிமம் விற்கும் தளத்தில் வாங்குங்கள். வாங்குமுன் நான்கு விஷயங்களைப் படித்துப் பாருங்கள்: உரிமம் யார் பெயரில், எந்தெந்தத் தளங்களுக்கு, காசு கொடுத்து பூஸ்ட் செய்யும் விளம்பரமும் அடக்கமா, சந்தா முடிந்த பிறகு பழைய பதிவுகள் என்ன ஆகும். மூன்றாவதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சாதாரணப் பதிவாகப் போட்டபோது உரிமத்துக்குள் இருந்த இசை, பூஸ்ட் பட்டனை அழுத்தியதும் வெளியே போய்விடும். எடிட்டரோ ஏஜென்சியோ தங்கள் பெயரில் சந்தா வைத்திருந்தால் அது உங்கள் பிராண்டுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் பயன்படுத்தத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையானால், உரிமத்தின் பெயரில் NC, ND என்ற எழுத்துகளைக் கவனியுங்கள். NC என்றால் வணிகத்துக்குக் கூடாது. ND என்றால் மாற்றக் கூடாது; இசையை வீடியோவோடு சேர்ப்பதே அந்த உரிமத்தின்படி மாற்றம்தான், ஆகவே ND பாட்டு ரீலுக்கு உதவாது.

படத்திலும் இதே கதைதான், கூடவே ஒரு சிக்கல். தேடலில் வந்த படம் யாரோ ஒருவருடையது என்பது தெரிந்ததே. ஆனால் இலவசப் படத் தளத்தில் எடுத்த படத்தில் ஒருவர் முகம் தெரிந்தால், புகைப்படக்காரர் அனுமதி தந்திருந்தாலும் படத்தில் இருப்பவர் விளம்பரத்துக்குச் சம்மதித்தார் என்று பொருளில்லை. படத்தில் இருப்பவர் எழுதிக் கொடுத்த சம்மதம், அதாவது மாடல் ரிலீஸ், இருப்பதாகத் தளம் சொல்லாத முகத்தைக் கைப்பைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். "Editorial use only" என்று போட்ட படம் செய்திக்கு மட்டும்.

ஃபான்ட்டில் "Free for personal use" என்றிருந்தால் பிராண்டு பதிவில் தொடக்கூடாது. காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். ஃபான்ட்டோடு வந்த கோப்புகளில் Open Font License என்ற திறந்த உரிமத்தைச் சொல்லும் OFL.txt இருந்தால் பதிவிலும் லோகோவிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், பெயர் போட வேண்டியதில்லை. வாங்கிய ஃபான்ட் என்றால் படமாக ஏற்றிய பதிவுக்கு, கணினியில் நிறுவிப் பயன்படுத்த விடும் டெஸ்க்டாப் உரிமம் பொதுவாகப் போதும். ஆனால் அந்த ஃபான்ட் கோப்பையே வெளியாள் டிசைனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலான உரிமங்கள் அதை மீறலாகவே பார்க்கும். அவர் தனக்கென்று ஒரு உரிமம் வாங்கிக்கொள்ள வேண்டும்.