பென்ஷன் கேள்வி-பதில்: கணவருக்குப் பின் மனைவிக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, மத்திய அரசு ஓய்வூதியர் வீடுகளிலிருந்து.

கணவர் 60-ல் ஓய்வு பெற்று, பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தப் பணமாக வாங்கும் கம்யூடேஷன் வாங்கினார். 64-ல் காலமானார். அந்தப் பிடித்தம் எனக்கும் தொடருமா?

தொடராதும்மா. கம்யூடேஷன் பிடித்தம் அவர் பென்ஷனோடு முடிந்தது. உங்கள் கணக்கையே வைத்துப் பார்ப்போம். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000, பென்ஷன் 30,000. அதில் 40 சதவீதம், அதாவது மாதம் 12,000-ஐ ஒப்படைத்து, அதன் ஒரு வருடத் தொகையை 8.194 காரணியால் பெருக்கிச் சுமார் 11.8 லட்சம் வாங்கியிருக்கிறார். கைக்கு வந்தது 18,000-மும், முழு 30,000-க்கான அகவிலைப்படியும். உங்களுக்கு இப்போது கூடுதல் விகிதத்தில் முழு 30,000, அகவிலைப்படி தனி. ஆனால் இது 7 வருடம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், எது முந்தியோ அதுவரைதான். உங்களுக்கு 3 வருடம்தான், அப்புறம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமான 18,000. அந்தத் தேதியை மறந்து வங்கி கூடுதலாகவே போட்டுக்கொண்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், பின்னால் பிடிப்பார்கள்.

கம்யூட் செய்த பகுதி 10 வருடத்தில் திரும்பி வருமா?

15 வருடம்.

அம்மாவுக்கு எந்தப் படிவம் கொடுக்க வேண்டும்? அவசரம்.

அவசரம் என்கிறீர்கள், ஆனால் பென்ஷன் ஆணையில் அம்மா பெயர் இருக்கிறதா, ஜாயின்ட் கணக்கா, இரண்டையுமே எழுதவில்லை. இரண்டும் இருந்தால் பெரிய படிவம் எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளில் ஒரு கடிதம், இறப்புச் சான்றிதழ், பிபிஓ எனும் அந்தப் பென்ஷன் ஆணையின் நகல், அம்மாவின் வயதுக்கும் அடையாளத்துக்கும் சான்று, அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழி, அவ்வளவுதான். கணக்கு அப்பா பெயரில் மட்டும் இருந்தால் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பப் படிவம் வேண்டும்.

இதில் ஒன்று, எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. பிபிஓவில் 'சரோஜா', ஆதாரில் 'சரோஜா தேவி', பிறந்த தேதியில் 2 வருடம் வித்தியாசம் என்றால் கவுண்டரிலேயே ஃபைல் நின்றுவிடும். வங்கியால் திருத்த முடியாது. கடைசியாக வேலை பார்த்த அலுவலகம், சம்பளக் கணக்கு அலுவலகம், மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் என்று சுற்றி வர வேண்டும். கணவர் இருக்கும்போது ஒரு மனுவில் தொடங்கிவிடும் வேலை இது. அவர் போன பிறகு, துக்க வீட்டிலிருந்து அந்த அம்மா அலைகிறார். பிபிஓவை பீரோவில் பூட்டிவைத்துவிட்டு மனைவியிடம் ஒருமுறைகூடக் காட்டாதவர்கள் நான் பார்த்ததிலேயே ஏராளம். இன்றைக்கே எடுத்து, ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

அப்பா இறந்து 4 மாதம், ஏடிஎம்மில் பென்ஷன் எடுத்துக்கொண்டிருக்கிறோம். தவறா?

தவறுதான். அவர் பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், வித்தியாசத்தைக் கழித்துக்கொள்வார்கள்.