பல்நிலைப் பின்னூட்ட வரிசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒரு பணி பயனரின் உள்ளீட்டுக்காக அடிக்கடி காத்திருக்கும் ஊடாடும் வகையைச் சேர்ந்தது என்பது, சிபியுவைப் பணிகளுக்குப் பங்கிடும் ஷெட்யூலருக்கு எப்படித் தெரிகிறது?

தெரியாது, அது நடத்தையைப் பார்த்து ஊகிக்கிறது. 10, 20, 40 மில்லிநொடி நேரத்துண்டுகளுடன் மூன்று வரிசைகள் இருப்பதாகக் கொள்வோம். மேல் வரிசை காலியாக இருந்தால் மட்டுமே கீழ் வரிசைக்கு முறை வரும். புதிய பணி எதுவாயினும் மேல் வரிசையில் தொடங்கும். துண்டை முழுவதும் பயன்படுத்தினால் ஒரு படி இறங்கும், அதற்கு முன்பே உள்ளீட்டுக்காக சிபியுவை விட்டுக்கொடுத்தால் அங்கேயே நீடிக்கும். விசைக்கு 2 மில்லிநொடி மட்டுமே கேட்கும் உரைத்தொகுப்பான் மேலேயே தங்குகிறது; 200 மில்லிநொடி கேட்கும் கணக்கீடோ 30 மில்லிநொடி ஓடியதும் அடிவரிசைக்குச் சென்றுவிடுகிறது. 1962இல் கோர்பட்டோ குழுவினர் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு அமைப்பில் கையாண்ட எண்ணமும் இதுவே.

கேள்வி: அடிவரிசைப் பணி சிபியு கிடைக்காமல் பட்டினி கிடக்காதா? நெடுநேரம் காத்திருந்த பணியை உயர்த்தும் மூப்பேற்றம் உண்மையில் எவ்வளவு உதவுகிறது?

நிச்சயம் கிடக்கும். 5 மில்லிநொடி ஓடி 5 மில்லிநொடி காத்திருக்கும் இரண்டு ஊடாடும் பணிகள் மாறிமாறி ஓடினாலே சிபியு நிரம்பிவிடும். நம் கணக்கீட்டுக்கு ஒரு துளியும் மிஞ்சாது.

நொடிக்கு ஒருமுறை எல்லாப் பணிகளையும் மேல் வரிசைக்கு உயர்த்துவது ஒரு தீர்வு. ஆனால் ஒவ்வோர் உயர்வுக்கும் கணக்கீட்டுக்குக் கிடைப்பது மேல் வரிசையின் 10 மில்லிநொடி மட்டுமே, ஏனெனில் இறங்கிய பின் நடு வரிசைக்கு முறை வருவதே இல்லை. ஆகவே 200 மில்லிநொடி வேலை முடிய ஏறத்தாழ 20 நொடி ஆகும். இடைவெளியை 100 மில்லிநொடியாகக் குறைத்தால் 2 நொடியில் முடியும்; ஆனால் அத்தகைய கணக்கீடுகள் பத்து இருந்தால், மேல் வரிசை ஒருபோதும் காலியாகாமல் முழு அமைப்பும் எல்லாப் பணிகளுக்கும் வரிசையாக முறை தரும் வெறும் சுழல்முறையாகிவிடும். இந்த இடைவெளியைத் தேர்வதுதான் இம்முறையின் உண்மையான சிக்கல் என்பது என் கருத்து.

மூப்பேற்றம் காத்திருந்த பணியை மட்டுமே உயர்த்துகிறது. 300 மில்லிநொடி காத்திருந்தால் ஒரு படி என வைத்தால், கணக்கீடு முதலில் 600 மில்லிநொடியில் மேலே வரும். 10 மில்லிநொடி ஓடி நடு வரிசைக்கு இறங்கியபின், அடுத்த முறைக்கு 300 மில்லிநொடி போதும். விண்டோஸும் இவ்வகையில், சிபியுவுக்காக ஏறத்தாழ 4 நொடி காத்திருந்த இழைகளின் முன்னுரிமையைத் தற்காலிகமாக 15க்கு உயர்த்துகிறது.

கேள்வி: 9 மில்லிநொடி ஓடிவிட்டு ஒரு பைட்டை எழுதி விலகும் நிரல் எப்போதும் மேலேயே இருக்குமே?

மேற்கண்ட விதிப்படி இருக்கும். எனவே, ஒவ்வொரு முறை ஓடிய நேரத்தையும் கூட்டி, அந்த வரிசைக்குரிய மொத்த ஒதுக்கீடு தீர்ந்ததும் இறக்கிவிட வேண்டும். அப்போது நேர்மையான உரைத்தொகுப்பானும் ஐந்து விசைகளில் இறங்கிவிடும். அதனை மீண்டும் மேலே கொண்டுவரவும் காலமுறை உயர்வு தேவைப்படுகிறது.

கேள்வி: பட்டினியை எப்படிக் கண்டறிவது?

யுனிக்ஸ் வகை அமைப்பில் `ps -o pid,stat,time -p` கட்டளையைப் பணியின் எண்ணுடன் சில நொடி இடைவெளியில் இயக்குங்கள். STAT தொடர்ந்து `R` எனக் காட்டியும் TIME நகரவில்லையெனில் பணி சிபியுவுக்காகவே காத்திருக்கிறது. `S` எனில் அது வேறெதற்கோ தானே காத்திருக்கிறது, அதைப் பட்டினியெனக் கொள்ள வேண்டாம்.